ஒரே சாட்சியை எட்டு முறை எண்ணிய மாடல்: நைவ் பேய்ஸும் லாஜிஸ்டிக் ரிக்ரஷனும் ஒரே வேலையில்

பின்னணி

ஒரு செயலியின் வாடிக்கையாளர் உதவிக் குழுவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 செய்திகள் வரும். பெரும்பாலானவை தமிழில். அவற்றில் 50 போல உண்மையிலேயே அவசரமானவை: கணக்கை வேறு யாரோ கைப்பற்றிவிட்டார்கள், பணம் இரண்டு முறை கழிந்துவிட்டது, இந்த மாதிரி. மீதி 950 சாதாரணம், நாளை பதில் சொன்னாலும் யாருக்கும் நட்டமில்லை. செய்திகளை வந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் அவசரமான ஒன்று மாலை வரை அடியில் கிடப்பது வாடிக்கையாகிவிட்டது.

எங்களிடம் கேட்டது எளிமையான ஒன்றுதான். காலையில் ஒருவர் உட்கார்ந்து 100 செய்திகளைக் கவனமாகப் படிக்க முடியும், அந்த 100 எவை என்று சொல்லுங்கள் என்றார்கள். அதனால் நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோலும் அதுவே: மாடல் வரிசைப்படுத்தித் தரும் முதல் 100-க்குள் அந்த 50 அவசரச் செய்திகளில் எத்தனை இருக்கின்றன?

கையில் இருந்தது 200 லேபிள். குழுவின் மூத்த ஊழியர் ஒருவர் பழைய செய்திகளைப் புரட்டி 100 அவசரம், 100 சாதாரணம் என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார். சோதனைக்கு மட்டும் ஒரு முழு நாளின் 1,000 செய்திகளை எதையும் விடாமல் லேபிள் போடச் சொன்னோம், அதில் அவசரம் 50. இந்த ஒரு நாளை வாங்கி வைத்ததுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு அது வீண் வேலை என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

இரண்டு மாடலும் எதைக் கணக்கிடுகின்றன

கதைக்குள் போகும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாமே இதிலிருந்துதான் கிளம்புகிறது.

நைவ் பேய்ஸ் ஒரு ஜெனரேட்டிவ் மாடல். ஒரு அவசரச் செய்தி எப்படி உருவாகிறது என்று அது ஒரு கதை சொல்கிறது: அவசர வகைக்கென்று ஒரு பை, அதில் சொற்கள், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, மற்றதைப் பற்றிய கவலையே இல்லாமல் அந்தப் பையிலிருந்து எடுக்கப்படுகிறது. சாதாரண வகைக்கு இன்னொரு பை. ஒரு புதுச் செய்தி வந்தால், எந்தப் பையிலிருந்து இது வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்து, அதோடு அந்த வகை எவ்வளவு அடிக்கடி வரும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறது.

லாஜிஸ்டிக் ரிக்ரஷன் டிஸ்கிரிமினேட்டிவ். செய்தி எப்படி உருவானது என்ற கேள்வியே அதற்குக் கிடையாது. இந்தச் செய்தி கையில் இருக்கிறது, இது அவசரமாக இருக்க வாய்ப்பு எவ்வளவு, அவ்வளவுதான்.

பலரும் கவனிக்காத ஒன்று, கடைசியில் இரண்டும் ஒரே வடிவச் சூத்திரத்தில்தான் வந்து நிற்கின்றன:

```
score = b + Σ count(word) × weight(word)
```

இரண்டுமே நேர்கோட்டு மாடல்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எடை, எல்லாவற்றையும் கூட்டினால் லாக்-ஆட்ஸ், அதாவது அவசரமாக இருக்கும் வாய்ப்பை இல்லாத வாய்ப்பால் வகுத்து லாக் எடுத்த எண். வித்தியாசம் எடை எங்கிருந்து வருகிறது என்பதில்தான். நைவ் பேய்ஸில் ஒரு சொல்லின் எடை, அவசரப் பையில் அதன் விகிதத்தைச் சாதாரணப் பையில் அதன் விகிதத்தால் வகுத்து லாக் எடுத்தால் கிடைப்பது. அந்தச் சொல்லை மட்டும் எண்ணினால் போதும், பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் எல்லா எடைகளும் சேர்ந்தே தீர்மானிக்கப்படுகின்றன, ஒரு சொல் ஏற்கெனவே சொல்லிவிட்டதை இன்னொரு சொல் மறுபடி சொல்கிறதா என்பது அங்கே தானாகவே கணக்கில் வந்துவிடும்.

முதல் வாரம்: சொற்களே சொற்களாக இல்லை

முதல் ஓட்டத்தில் இரண்டு மாடலும் மோசம். குருட்டாம்போக்கில் 100 செய்தி எடுத்திருந்தாலும் 5 கிடைத்திருக்கும், எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கிடைத்தது. மாடலில் குறை தேடி ஒரு நாள் போய்விட்டது. அப்புறம் குழுவில் ஒருவர் சொற்பட்டியலைத் திறந்து பார்த்தார். "கழிந்தது" என்ற சொல் அதில் இல்லவே இல்லை, "கழ" என்று ஒன்றும் "தத" என்று ஒன்றும் இருந்தன. "தோல்வி" சுவடே இல்லாமல் போயிருந்தது.

காரணம், செய்தியைச் சொற்களாக உடைத்து எண்ணும் கருவியான `CountVectorizer`-இன் இயல்பான `token_pattern`. சொல் எது என்று தீர்மானிக்க அது எழுத்தையோ எண்ணையோ குறிக்கும் `\w` என்பதை நம்பியிருக்கிறது. பைத்தானின் `re` நூலகம் தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை, அதனால் ஒவ்வொரு கொக்கி, கொம்பு, புள்ளியிலும் சொல் வெட்டுப்பட்டுவிடும். ஓரெழுத்துத் துண்டுகளை அது தூக்கியும் எறிந்துவிடும், எனவே த, ல, வ என்று உடைந்த "தோல்வி" முழுதாகவே காணாமல் போகும். நிறுத்தற்குறிகளை முன்கூட்டியே நீக்கிவிட்டு இப்படி மாற்றினோம்:

```python
CountVectorizer(token_pattern=r"\S+")
```

தமிழில் இந்த வேலை செய்யும் யாரும் மாடல் பக்கமே போகும் முன் சொற்பட்டியலில் இருந்து ஐம்பது சொல்லை அச்சிட்டுக் கண்ணால் பார்த்துவிடுங்கள். எந்தப் பிழைச்செய்தியும் வராது, மாடல் பாட்டுக்கு ஓடும்.

200 லேபிளில் நைவ் பேய்ஸ் முந்தியது

சொற்கள் சரியான பிறகு எங்களுக்குக் கிடைத்தது சுமார் 2,600 சொற்கள். 200 செய்திகள், 2,600 எடைகள், நிலைமை அதுதான்.

முதல் 100-க்குள் நைவ் பேய்ஸ் (`alpha=1.0`) 31 அவசரச் செய்திகளைக் கொண்டுவந்தது. லாஜிஸ்டிக் ரிக்ரஷன் இயல்பான `C=1.0`-இல் 26. ஒருவரைக் கட்டிப்போட்டுவிட்டு மற்றவரோடு ஓடவிடுவது நியாயமில்லை என்பதால், எடைகள் எவ்வளவு பெரிதாகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் `C`-ஐக் குறுக்குச் சரிபார்ப்பில் தேடிப் பார்த்தோம், 28 வரை ஏறியது, அதற்கு மேல் போகவில்லை.

ஏன் இப்படி? லாஜிஸ்டிக் ரிக்ரஷன் பயிற்சிச் செய்திகள் 200-ஐயும் ஒன்றுவிடாமல் சரியாகப் பிரித்துவிட்டது. இவ்வளவு சொற்கள் இருந்தால் அது பெரிய காரியமே இல்லை. ஒரே ஓர் அவசரச் செய்தியில் தற்செயலாக வந்த "நேற்றுதான்" என்ற சொல்லுக்குக்கூட, மற்ற சொற்களால் அந்தச் செய்தியைச் சரியாக வைக்க முடியவில்லை என்றால், பெரிய எடை கிடைத்துவிடும். எல்லா எடைகளையும் சேர்த்துத் தீர்மானிக்கும் சுதந்திரம் அதற்கு இருக்கிறது, அந்தச் சுதந்திரத்தைச் சரியாகப் பயன்படுத்தப் போதுமான தரவு இல்லை. நைவ் பேய்ஸுக்கோ அந்தச் சுதந்திரமே கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் தனியாக எண்ணி எடை போடுவதால், அடிக்கடி வரும் சொற்களின் எடை 200 செய்திகளிலேயே ஓரளவு நிலைத்துவிடுகிறது.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஆண்ட்ரூ இங், மைக்கேல் ஜோர்டன் இருவரும் 2001-இல் இதே ஜோடியை எடுத்து ஆராய்ந்து காட்டியது: தரவு பெருகப் பெருக லாஜிஸ்டிக் ரிக்ரஷனின் பிழை நைவ் பேய்ஸின் பிழைக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ போய் நிற்கும், ஆனால் நைவ் பேய்ஸ் தன் எல்லையை, அது கொஞ்சம் மோசமான எல்லையாக இருந்தாலும், வெகு சீக்கிரமே தொட்டுவிடும். கூறுகளின் எண்ணிக்கை n என்றால் லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்கு n-ஐ ஒட்டி எடுத்துக்காட்டுகள் தேவைப்படலாம், நைவ் பேய்ஸுக்கு log n-ஐ ஒட்டியே போதும். எங்கள் 200, 2,600-க்குப் பக்கத்தில்கூட இல்லை.

31-க்கும் 26-க்கும் உள்ள வித்தியாசம் 50 அவசரச் செய்திகளில் ஐந்துதான், இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது என்று எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கோட்பாடும் அதே திசையைக் காட்டியது, வேறு வழியில் 50-க்கு 31 கிடைக்கப் போவதும் இல்லை. நைவ் பேய்ஸையே எடுத்துக்கொண்டோம். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். அடுத்த முடிவுதான் தவறு.

எச்சரிக்கை மணி

காலைப் பட்டியல் நன்றாக வேலை செய்தது. இரண்டு வாரம் கழித்துக் குழுத் தலைவர் நியாயமான ஒன்றைக் கேட்டார். மாடல் 0.99 என்றெல்லாம் சொல்கிறதே, 0.9-க்கு மேல் வரும் செய்திகளை உடனே பொறுப்பாளரின் போனுக்கு அனுப்பிவிடலாமே, காலை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? நாங்கள் சரி என்றோம். `predict_proba` தருகிற எண் நிகழ்தகவு என்று நாங்களும் எடுத்துக்கொண்டோம், அது நிகழ்தகவுதானா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

முதல் நாள் 160 எச்சரிக்கைகள் போயின. 0.9 என்ற எண் உண்மையாக இருந்தால் அவற்றில் குறைந்தது 144 அவசரமாக இருந்திருக்க வேண்டும், ஒரு நாளில் வருவதோ மொத்தமே 50 தான். இருந்தது 32.

மூன்றாம் நாள், கணக்கு பறிபோன ஒருவர் எழுதிய செய்திக்கு மாடல் சரியாகவே 0.97 கொடுத்து எச்சரிக்கையும் அனுப்பியிருந்தது. ஆனால் அதைத் திறந்து பார்க்க ஆறு மணி நேரம் ஆனது. பொறுப்பாளரிடம் கேட்டபோது அவர் மறைக்காமல் சொன்னார்: "தம்பி, இரண்டாவது நாளே அந்த எச்சரிக்கையைப் பார்க்கிறதை விட்டுட்டேன். அஞ்சு பார்த்தா நாலு ஒண்ணும் இல்லாத செய்தி." அவர் மீது எந்தத் தவறும் இல்லை, 160-இல் 32 என்றால் அவர் சொன்ன கணக்கு சரியாகவே இருக்கிறது. அந்தப் பயனருக்குக் கணக்கு மறுநாள் திரும்பக் கிடைத்தது. எச்சரிக்கையை அன்றே நிறுத்தினோம், காலைப் பட்டியல் மட்டும் தொடர்ந்தது.

முதல் சந்தேகம்: முன்நிகழ்தகவு

முதலில் கண்ணில் பட்டது பயிற்சித் தரவின் கலவை. பயிற்சியில் பாதிக்குப் பாதி அவசரம், நிஜத்தில் நூற்றுக்கு ஐந்து. பாதிக்குப் பாதி உலகில் 0.8 என்று சொல்லப்பட்ட ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆட்ஸ் 0.8/0.2, அதாவது 4. நிஜ உலகில் அதை 5/95-ஆல், அதாவது 1/19-ஆல் பெருக்க வேண்டும், 0.21 வரும், நிகழ்தகவாக 0.17. எண்பதிலிருந்து பதினேழு. இது எந்த மாடலுக்கும் பொருந்தும், நைவ் பேய்ஸுக்கு மட்டும் வரும் குறை இல்லை. லாக்-ஆட்ஸில் சொன்னால் எல்லா மதிப்பெண்ணிலிருந்தும் 2.94 கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நைவ் பேய்ஸில் இதைச் செய்வது சுலபம், செய்தியைப் பார்க்கும் முன்பே ஒரு வகைக்கு உள்ள வாய்ப்பான முன்நிகழ்தகவு அதில் தனி உறுப்பாகவே நிற்கிறது. `class_prior=[0.95, 0.05]` என்று கொடுத்தோம். வரிசை மாறாது, எல்லாமே ஒரே அளவு கீழே இறங்கும்.

அதே முதல் நாளின் செய்திகளில் எச்சரிக்கைகள் 160-இலிருந்து 128 ஆயின, அவற்றில் அவசரம் 30. இவ்வளவுதானா என்று திகைத்துப் போனோம். மதிப்பெண்களை வரைந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது: ஏறக்குறைய எல்லாச் செய்திகளும் 0-க்கு ஒட்டியோ 1-க்கு ஒட்டியோ குவிந்திருந்தன, நடுவில் ஆளே இல்லை. லாக்-ஆட்ஸில் 0.9 என்பது 2.2 தான். 9, 12 என்று நிற்கும் மதிப்பெண்ணிலிருந்து 2.94-ஐக் கழித்தால் அது எங்கே இறங்கப் போகிறது?

மாடலையே செய்தி எழுதச் சொன்னோம்

அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்தபோது குழுவில் ஒருவர் சொன்ன யோசனை இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெனரேட்டிவ் மாடல் என்றால் செய்தி எப்படி உருவாகிறது என்று தனக்குத் தெரியும் என்று அது சொல்கிறது, அப்படியானால் அதையே ஒரு அவசரச் செய்தி எழுதச் சொல்லிப் பார்ப்போம் என்றார். லாஜிஸ்டிக் ரிக்ரஷனிடம் இதைக் கேட்கவே முடியாது.

```python
p = np.exp(nb.feature_log_prob_[1])
p = p / p.sum()
rng.choice(words, size=14, p=p)
```

இருபது செய்திகளை இப்படி எடுத்து அச்சிட்டோம். இலக்கணம் இருக்காது, சொற்குவியலாகத்தான் வரும், அது எதிர்பார்த்ததே. அதோடு வேறொன்றும் கண்ணில் பட்டது. ஒரு செய்தியில் "பரிவர்த்தனை" தனியாக, இன்னொன்றில் "குறியீடு" தனியாக, மற்றொன்றில் "அனுப்பப்பட்டது" இரண்டு முறை. செய்திகளை நாள் முழுக்கப் படிக்கிற மூத்த ஊழியர் பார்த்தவுடனே, இந்தச் சொற்கள் இப்படித் தனித்தனியாக வரவே வராது என்றார்.

செயலியின் பணப்பகுதியில் உதவிப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்திச் செய்தி எழுதினால் பயனர் எழுதியதற்கு மேலே செயலியே ஒரு வரியைச் சேர்த்துவிடும்:

"செயலியின் பணப்பகுதியிலிருந்து அனுப்பப்பட்டது பரிவர்த்தனை நிலை தோல்வி பிழைக் குறியீடு"

எட்டுச் சொற்கள். வந்தால் எட்டும் வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது. பயனர் எழுதாத வரி இது, எனவே இது சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: பொத்தான் அழுத்தப்பட்டது.

அந்தச் சோதனை நாளில் எண்ணிப் பார்த்தோம். அவசரமான 50-இல் 18 செய்திகளில் இந்த வரி இருந்தது, அதாவது 36 சதவீதம். சாதாரணமான 950-இல் 114, அதாவது 12 சதவீதம். ஆக பொத்தான் அழுத்தப்பட்டது என்பது ஆட்ஸை மூன்று மடங்காக்குகிற ஒரு சாட்சி. 1/19-ஐ மூன்றால் பெருக்கினால் 3/19, நிகழ்தகவு 13.6 சதவீதம். நேராக எண்ணினாலும் வரி உள்ள 132 செய்திகளில் 18, அதே 13.6.

நைவ் பேய்ஸ் என்ன செய்கிறது? எட்டுச் சொற்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தவை என்று நம்புகிறது. ஆளுக்கு மூன்று மடங்கு. 3-ஐ எட்டு முறை பெருக்கினால் 6,561. முன்நிகழ்தகவைத் திருத்திய பிறகும் 6,561/19, அதாவது 345, நிகழ்தகவாக 0.997. ஒரே ஆள் எட்டு முறை வந்து ஒரே சாட்சியைச் சொல்கிறார், நீதிபதி எட்டுப் பேர் சொன்னதாக எழுதிக்கொள்கிறார். திருத்தத்துக்குப் பிறகும் நின்ற 128 எச்சரிக்கைகளைப் புரட்டினால் 93-இல் இந்த வரி இருந்தது.

இதே தரவில் லாஜிஸ்டிக் ரிக்ரஷனின் எடைகளையும் எடுத்துப் பார்த்தோம். நைவ் பேய்ஸில் எட்டுச் சொல்லுக்கும் ஆளுக்கு 1.1 (log 3) போல இருந்தது. லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் எட்டும் ஏறத்தாழ ஒரே எடை, ஆளுக்கு 0.14-ஐ ஒட்டி. எட்டையும் கூட்டினால் 1.1. எப்போதும் சேர்ந்தே வரும் சொற்களுக்கு, பெரிய எடைகளைத் தண்டிக்கும் L2 கட்டுப்பாடு எடையைச் சமமாகப் பங்குபோட்டுவிடும், மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவுதான் இருக்கும். நாங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்காமலே அது சாட்சியை ஒரு முறை மட்டும் எண்ணியிருந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நைவ் பேய்ஸின் நிகழ்தகவு தாறுமாறாக இருந்தாலும் வரிசை ஓரளவு சரியாக இருக்கலாம், 0.6 என்று இருக்க வேண்டியதை 0.999 என்றாலும் பக்கம் மாறுவதில்லை, அதனால்தான் அது இவ்வளவு தவறான அனுமானத்தோடும் பல வேலைகளில் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் இங்கே மிகையாக எண்ணப்பட்டது எல்லாச் செய்திகளிலும் இல்லை, பொத்தான் வழியாக வந்தவற்றில் மட்டும். அவை மொத்தமாக மேலே ஏறி, சொந்தச் சொற்களில் கதறி எழுதியவர்களைக் கீழே தள்ளின. கணக்கு பறிபோனவர் பொத்தானை அழுத்தவில்லை. ஆக, வரிசையும் கெட்டிருந்தது, 31 என்ற எண்ணுக்குள் அது ஒளிந்திருந்தது.

எடுத்த முடிவுகள்

முதலில் அந்த வரியை நீக்கி, அதன் இடத்தில் பொத்தான் வழி வந்ததா என்ற ஒரே ஒரு கூறை வைத்தோம். ஒரு மணி நேர வேலை.

அடுத்தது லேபிள். எச்சரிக்கையில் வந்தவற்றுக்கு மட்டும் லேபிள் போட்டால் போதுமே என்று ஒரு கருத்து வந்தது, நேரம் மிச்சமாகும் என்று. மறுத்தோம். மாடல் தவறவிட்டவை அதில் ஒருபோதும் வராது, மாடல் தன் தவறையே திரும்பத் திரும்பப் படிக்கும். ஒரு நாளைக்குக் குலுக்கல் முறையில் 100 செய்திகள் என்று முடிவாகி, 38 வேலைநாட்களில் 3,800 சேர்ந்தன, பழைய 200-உடன் 4,000. அவற்றில் அவசரம் 290.

மூன்றாவது, எந்த மாடல் என்ற கேள்வியை ஒரே ஓட்டத்தின் எண்ணை வைத்துத் தீர்மானிப்பதில்லை என்றும், கற்றல் வளைவு வரைவது என்றும் முடிவு செய்தோம். 4,000-இலிருந்து வெவ்வேறு அளவில் துண்டுகளை எடுத்து, ஒவ்வொரு அளவுக்கும் 20 முறை புதிதாகக் குலுக்கி, இரண்டு மாடலையும் அதே துண்டில் பயிற்றி, அதே சோதனை நாளில் ஓட்டினோம்.

பின்னர் நடந்தது

வரி நீக்கப்படாத பழைய வடிவிலும் ஒப்பீட்டுக்காக ஓட்டிப் பார்த்தோம். 4,000 லேபிளில் நைவ் பேய்ஸ் 34, லாஜிஸ்டிக் ரிக்ரஷன் 43. இருபது மடங்கு தரவு கொடுத்தும் நைவ் பேய்ஸ் மூன்று செய்திகள்தான் முன்னேறியது. அதன் எண்ணிக்கையில் இனி சந்தேகம் எதுவும் இல்லை, எடைகள் எல்லாம் துல்லியமாகிவிட்டன, தவறு அனுமானத்தில் இருக்கிறது, அதைத் தரவால் சரிசெய்ய முடியாது.

வரியை நீக்கி ஒரே கூறாக்கிய பிறகு நைவ் பேய்ஸ் 39-க்கு ஏறியது. லாஜிஸ்டிக் ரிக்ரஷன் அதே 43-இல் நின்றது, அசையக்கூட இல்லை. எனக்கு மற்ற எல்லா எண்களையும்விட இதுதான் பேசியது. தரவைச் சுத்தம் செய்ததில் ஒரு மாடலுக்கு ஐந்து செய்திகள் கிடைத்தன, மற்றதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சுத்தத்தை அது ஏற்கெனவே தானே செய்துகொண்டிருந்தது.

கற்றல் வளைவில் சிறிய அளவுகளில் நைவ் பேய்ஸ் மேலே இருந்தது, 200 லேபிளில் இருபது குலுக்கலிலும் பெரும்பாலும் அதுவே முந்தியது, அன்றைய ஐந்து செய்தி வித்தியாசம் தற்செயல் இல்லை. 500-க்கும் 1,000-க்கும் நடுவில் கோடுகள் வெட்டிக்கொண்டன. 1,000-க்குப் பிறகு நைவ் பேய்ஸ் கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டது, லாஜிஸ்டிக் ரிக்ரஷன் 4,000-இலும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இந்த வெட்டுப்புள்ளி எங்கள் தரவுக்கு, எங்கள் சொற்பட்டியலுக்கு உரியது, வேறோர் இடத்தில் 200-லேயே வெட்டலாம், 10,000 வரை வெட்டாமலும் இருக்கலாம்.

லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்கு மாறினோம். 4,000-இல் 290 என்றால் 7.25 சதவீதம், நிஜம் 5 சதவீதம், எனவே சூத்திரத்தில் b ஆக நிற்கும் `intercept_`-இலிருந்து 0.40 கழித்தோம். நைவ் பேய்ஸில் முன்நிகழ்தகவை மாற்றுவது போலவே இங்கும் செய்யலாம், ஆனால் யாராவது நினைவு வைத்துச் செய்ய வேண்டும்.

எச்சரிக்கையை மறுபடி திறக்கும் முன் இந்தத் தடவை எண்ணைச் சோதித்தோம். ஒரே சோதனை நாளை இத்தனை முறை பார்த்துவிட்டோம், அதற்கு ஏற்ற மாதிரி நாங்களே வளைந்திருப்போம், அதனால் புதிதாக ஒரு நாளின் 1,000 செய்திகளுக்கு முழுமையாக லேபிள் போட்டு வாங்கினோம். நிகழ்தகவு 0.6-க்கு மேல் பெற்றவை 33, அவற்றில் அவசரம் 26, அதாவது 79 சதவீதம். மாடல் அந்த 33-க்கும் கொடுத்திருந்த நிகழ்தகவின் சராசரியும் அதை ஒட்டியே இருந்தது. அந்த எல்லையோடு எச்சரிக்கை திரும்பியது. மீதி 24 அவசரச் செய்திகளுக்குக் காலைப் பட்டியல் இன்னும் தேவைப்படுகிறது, எச்சரிக்கை அதற்கு மாற்று இல்லை. பொறுப்பாளர் இப்போது எச்சரிக்கைகளைத் திறக்கிறார்.

மறுபடி செய்தால்

நைவ் பேய்ஸில் தொடங்குவதை மாற்ற மாட்டேன். 200 லேபிள் மட்டுமே இருந்த அன்றைக்கு அதுதான் சரியான கருவி, அத்தனை வாரக் காலைப் பட்டியலையும் அதுவே தாங்கியது.

அதன் எண்ணை மட்டும் அன்றே மறைத்திருப்பேன். பட்டியலில் வரிசை எண் 1, 2, 3 என்று மட்டும் காட்டியிருந்தால் 0.99 என்று எதுவும் குழுத் தலைவர் கண்ணில் பட்டிருக்காது, 0.9 என்ற எல்லையை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். எல்லை வேண்டும் என்று கேட்டால், கையில் இருந்த சோதனை நாளை எடுத்து 0.9-க்கு மேல் எத்தனை, அவற்றில் அவசரம் எத்தனை என்று எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் விட்டதற்கு ஒருவர் ஆறு மணி நேரம் காத்திருந்தார். குலுக்கல் லேபிளை முதல் வாரமே தொடங்கியிருப்பேன். மாடலைச் செய்தி எழுதச் சொல்லும் அந்த மூன்று வரி நிரலை எச்சரிக்கைக்குப் பிறகு ஓட்டினோம், பயிற்சி முடிந்த அன்றே மூத்த ஊழியரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டியிருக்க வேண்டும், அவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னதை எங்களால் மதிப்பெண் வரைபடத்தில் பார்க்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் செயலியில் புதுச் சேவை ஒன்று வந்தது. அதற்கான அவசரச் செய்திகளின் சொற்களே வேறு, லேபிள் 40 தான் இருந்தது. அந்த வகைக்கு மட்டும் நைவ் பேய்ஸைத் திரும்பக் கொண்டுவந்தோம், வரிசைக்கு மட்டும், எண் காட்டாமல், எச்சரிக்கை இல்லாமல். செயலி தானாகச் சேர்க்கும் வரி ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா என்று முதலில் கேட்டோம், இரண்டு இருந்தன. ஒவ்வொரு வாரமும் கற்றல் வளைவை வரைந்து பார்க்கிறோம், கோடுகள் இன்னும் வெட்டவில்லை.